மழைப் பட்டையும் வெப்பக் கோடும்

காலநிலை வரைபடத்தில் பன்னிரண்டு பட்டைகள் மாத மழையளவைக் காட்டும். அவற்றோடு ஓடும் கோடு மாதச் சராசரி வெப்பநிலையைக் காட்டும். ஒரு பக்க அச்சில் மில்லிமீட்டர், எதிர்ப்பக்க அச்சில் செல்சியஸ் இருக்கும். எது இடம், எது வலம் என்பது நூலுக்கு நூல் மாறுவதால் அலகுகளை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைப்படத்தில் தாள் சற்றுச் சாய்ந்தே விழும். அப்போது பட்டையின் உச்சியிலிருந்து நேர்கிடையாக அளவுகோல் வைத்தால் பத்து, இருபது மில்லிமீட்டர் எளிதில் பிசகிவிடும். அச்சிலுள்ள கட்டக்கோடுகளைப் பின்தொடர்வதே சரி. தாளோடு அவையும் சேர்ந்து சாய்ந்திருக்கும்.

ஊர்ப்பெயர் இல்லாத ஒரு படத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்டு பட்டைகள் ஓங்கி நிற்கின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை பட்டைகள் மிகக் குட்டை. நம் கண்ணுக்கு இது உடனே தென்மேற்குப் பருவமழையாகத் தெரியும். மும்பையின் பட்டைகளும் இப்படித்தான் நடுவில் உயரும். ஆனால் இந்தப் படத்தின் கோடு ஜனவரி, பிப்ரவரியில் 25 டிகிரியை ஒட்டி நின்று, ஜூலையில் 13 டிகிரிக்கு இறங்குகிறது. ஜூலை குளிர்மாதம் என்றால் இடம் தென் அரைக்கோளம். மழை பெய்வது குளிர்காலத்தில். வறண்டு கிடப்பது கோடை. படம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருடையது.

இனி வகையைச் சொல்லலாம். கோப்பன் வகைப்பாட்டில் முதலில் வறட்சியைச் சோதிக்க வேண்டும். பெர்த்தின் ஆண்டு மழை சுமார் 730 மி.மீ.; ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 19 டிகிரி. மழையின் பெரும்பங்கு குளிர்கால அரையாண்டில் பெய்யும் இடத்துக்கு வறட்சி எல்லை வெப்பநிலையின் 20 மடங்கு, அதாவது 380 மி.மீ. மழை அதைத் தாண்டுவதால் இது வறள் காலநிலை அல்ல. மிகக் குளிர்ந்த மாதம் 18 டிகிரிக்குக் கீழே இருப்பதால் வெப்பமண்டலமும் அல்ல. உறைநிலைக்கு மேலே இருப்பதால் மிதவெப்ப வகை. டிசம்பர் மழை 10 மி.மீ. அளவே, ஜூலையில் 140-ஐத் தாண்டும். கோடையின் மிக வறண்ட மாதம் 40 மி.மீ.க்குக் குறைவாகவும், குளிர்காலத்தின் ஈரமிக்க மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவும் இருந்தால் அது மத்தியதரைக்கடல் காலநிலை. மிக வெப்பமான மாதம் 22 டிகிரியைத் தாண்டுவதால் வெப்பக் கோடை கொண்ட பிரிவு; குறியீடு Csa.

காரணம் காற்றில் இருக்கிறது. கோடையில் துணைவெப்பமண்டல உயரழுத்தம் தெற்கே நகர்ந்து மழையைத் தடுக்கிறது. குளிர்காலத்தில் அது வடக்கே விலக, மேலைக்காற்றுகளோடு வரும் குளிர்முகப்புகள் நகரை நனைக்கின்றன.

மும்பையின் கோடோ 24-க்கும் 30-க்கும் இடையிலேயே ஆண்டு முழுவதும் ஓடும். மே மாதத்தில் உயர்ந்து, மழை தொடங்கியதும் சற்றுத் தாழும். பட்டைகள் ஒத்திருந்தும் அது வெப்பமண்டலச் சவன்னா வகை.