மூலப் படத்தின் மேலேயே எழுதலாமா?

கல்யாணத்தில் எடுத்த 500 படங்கள் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 6000 x 4000 பிக்சல். உறவினர்களுக்கு அனுப்ப, எல்லாவற்றையும் பாதி அளவாக்க வேண்டும். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் அதற்கு ஒரே வரி போதும்:

```
mogrify -resize 50% *.jpg
```

இந்தக் கட்டளை சிறிய படத்தை மூலப் படத்தின் பெயரிலேயே எழுதிவிடும். பழையது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. ‘மாற்றலாமா?’ என்ற கேள்வியும் வராது.

300 படங்கள் முடிந்த நேரத்தில் கணினி அணைந்துவிட்டது என்று வையுங்கள். எது முடிந்தது, எது பாக்கி என்று ஃபைல் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதே கட்டளையை மறுபடி கொடுத்தால், பாக்கியிருந்த 200 படங்கள் 3000 x 2000 ஆகும். ஏற்கெனவே சுருங்கிய 300 படங்களோ 1500 x 1000 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. `identify *.jpg` கொடுத்து அளவுகளைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். அதன்பின் பெரிதாக்கினாலும் போன நுணுக்கம் திரும்பாது.

சதவீதத்துக்குப் பதில் 3000 என்று உச்ச அளவைக் கொடுத்தால் இரண்டாம் முறை படம் சுருங்காது. ஆனால் ஜேபெக் படம் சேமிக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாக அமுக்கப்படுவதால் தரம் கொஞ்சம் குறையும்.

வெளியீட்டுக்குத் தனி ஃபோல்டர் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை:

```
mkdir out
mogrify -path out -resize 50% *.jpg
```

மூலப் படங்கள் அப்படியே இருப்பதால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விளைவுதான். பாதியில் நின்றால் `out` ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். முடிந்ததும் இரு பக்கமும் 500 இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. இரண்டு கேமராக்களிலும் `IMG_0001.jpg` இருக்கலாம். இரண்டு ஃபோல்டர்களின் படங்களையும் ஒரே `out`-க்கு அனுப்பினால், பின்னால் வருவது முன்னால் வந்ததை அழித்துவிடும். எண்ணிக்கை குறைவதுதான் அதற்கு அடையாளம். கேமராவுக்கு ஒரு வெளியீட்டு ஃபோல்டர் வைத்தால் தீர்ந்தது.

எக்ஸிஃப்டூல் நடுவழியாகப் போகிறது. படத்தில் பதிந்த தேதி போன்ற விவரங்களைத் திருத்தும்போது, பழைய ஃபைலை `_original` என்ற ஒட்டுடன் தானாகவே வைத்துக்கொள்கிறது. அது வேண்டாம் என்றால் `-overwrite_original` என்று நாமே சொல்ல வேண்டும்.

வேறொரு வட்டில் திறந்து சரிபார்த்த நகல் இருந்து, இடமும் நெருக்கடியாக இருந்தால் மேலெழுதலாம். மற்றபடி தனி ஃபோல்டர்தான் சரி. இடம் வேண்டுமென்றால், விளைவைப் பார்த்து உறுதி செய்த பிறகு மூலத்தை என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அதை ஸ்கிரிப்டிடம் விடாதீர்கள்.