மலம் கெட்டிப்படுவது நேரத்தால்

சிறுகுடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் பெருங்குடலுக்கு அனுப்பும் மிச்சம், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இருக்கும். உள்ளே நுழையும்போது அது வெறும் திரவம். பெருங்குடல் அதை மெல்ல நகர்த்திக்கொண்டே நீரை உறிஞ்சுகிறது. கடைசியில் மலத்தோடு வெளியேறும் நீர் 100, 150 மில்லிதான். அந்த உறிஞ்சல் ஒருபோதும் நிற்பதில்லை. மலம் ஒரு நாள் கூடுதலாக உள்ளே தங்கினால் ஒரு நாளுக்கான நீர் கூடுதலாகப் போகும். மூன்று நாள் தங்கினால் ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனி உருண்டையாகிவிடும். மலச்சிக்கல் என்றதும் ‘தண்ணி குடிக்கலையா?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ‘எங்கே தங்குகிறது, ஏன் தங்குகிறது?’ என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை போனால் சரி என்பதிலேயே பலருக்குத் தேவையற்ற பயம் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று முறை போகிறவரும் வாரத்துக்கு மூன்று முறை போகிறவரும் இயல்பானவர்கள்தான். ஒருநாள் விட்டு ஒருநாள், முக்காமல், மிருதுவாகப் போனால் அது நோயல்ல. தினமும் போனாலும், முக்கி முக்கி உருண்டையாகப் போய், இன்னும் உள்ளே இருக்கிறது என்ற உணர்வு மிஞ்சினால் அது மலச்சிக்கல். அதனால்தான் மருத்துவர்கள் மலத்தின் வடிவத்தைக் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவாக்கிய ஏழு வகைப் படம் ஒன்று 1997 முதல் இதற்குப் பயன்படுகிறது. அதில் முதல் வகை தனி உருண்டைகள், இரண்டாவது உருண்டைகள் ஒட்டிய கட்டி. மூன்றும் நான்கும் நமக்கு வேண்டியவை. முதல் இரண்டு வகையாக இருந்தால் மலம் நெடுநேரம் தங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் 43 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இவர் ஒரே ஆள் அல்ல. மருத்துவமனை வரிசைகளில் இப்படிப்பட்ட பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். விடிவதற்கு முன் எழுந்து சமையல், பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ், அவசரமாக நான்கு இட்லி, ஒரு காபி. இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் பலமாகச் சுருங்கி மலத்தைக் கீழே தள்ளும். உடம்பில் இயல்பாகவே உள்ள ஏற்பாடு இது. தூங்கி எழுந்த பிறகான காலை வேளையில் அது இன்னும் வலுவாக இருக்கும். ஆகவே இவருக்கு அந்த உந்துதல் வருவது பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தில். அடக்கிக்கொள்கிறார்.

மலக்குடல் நிறைந்து சுவர் விரிவதால்தான் உந்துதல் எழுகிறது. அடக்கினால் சுவர் தளர்ந்து இடம்கொடுக்க, சில நிமிடங்களில் உணர்வு மறைந்துவிடும். மலம் மட்டும் அங்கேயே காய்ந்துகொண்டிருக்கும். இப்படி மாதக்கணக்கில் அடக்கினால் மலக்குடலுக்கு உணர்ச்சி மந்தமாகி, நிறைந்திருந்தாலும் உந்துதல் வராது. கடையில் மாடிக்கு ஒரு கழிப்பறைதான், அதற்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டும். அடிக்கடி கேட்கக் கூசி, இவர் தண்ணீரையே குறைத்துவிட்டார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. கேட்காமலே கழிப்பறைக்குப் போய்வரும் உரிமை அதே அளவு அவசியம் என்பது என் உறுதியான எண்ணம். இங்கே நோயின் ஒரு பாதி அந்தக் கதவருகில்தான் தொடங்கியது.

நான்காவது நாள் வயிறு கனத்ததும் நாட்டு மருந்துக் கடைச் சூரணம் ஒரு ஸ்பூன். பெரும்பாலான பேதி சூரணங்களில் நிலாவாரை இருக்கும். ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரில் தூத்துக்குடியிலிருந்து உலகமெங்கும் போகும் அதே இலைதான். நல்ல மருந்து, ஆங்கில மருத்துவமும் ஏற்றுக்கொண்டது. பெருங்குடல் சுவரைத் தூண்டிச் சுருங்க வைக்கும். வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால் இரவில் சாப்பிடுகிறார்கள். சிக்கல் அடுத்த நாள் தொடங்குகிறது. பேதியில் குடல் மொத்தமாகக் காலியாகிவிடும். மறுபடி மலம் சேர்ந்து உந்துதல் வர இரண்டு, மூன்று நாள் தேவை. அந்த இயல்பான இடைவெளியை ‘மறுபடியும் கட்டிக்கிச்சு’ என்று எடுத்துக்கொண்டு இன்னொரு ஸ்பூன் போடுகிறார். வருஷக்கணக்கில் சூரணம் சாப்பிடுகிறவர்கள் பலர் இந்தச் சுழலில்தான் சிக்கியிருக்கிறார்கள். எப்போதாவது எடுப்பதில் தவறில்லை. அளவு மீறித் தொடர்ந்தால் வயிற்று முறுக்கலோடு உடம்பின் பொட்டாசியமும் குறையும்.

மூன்று மாதத்துக்கு முன் ரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரையும் தொடங்கியிருந்தார். அன்றிலிருந்து மலம் இன்னும் இறுகியது. இரும்பு, கால்சியம் மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வகை வலி மாத்திரை, அமிட்ரிப்டிலின், சில ரத்தஅழுத்த மாத்திரைகள் எல்லாமே இதைச் செய்யும். புதிதாக மலம் கட்டினால், புதிதாக எந்த மாத்திரை தொடங்கியது என்று பார்ப்பது முதல் வேலை. ஆனால் தானாக நிறுத்தக் கூடாது.

ஒருநாள் முக்கும்போது பிளேடால் கீறியதுபோல வலி, காகிதத்தில் சிவப்பாகச் சில துளி ரத்தம். ‘மூலம்’ என்று முடிவுகட்டினார். உண்மையில் அது கெட்டியான மலம் கிழித்த ஆசனவாய் வெடிப்பு. அந்த வலிக்குப் பயந்து மேலும் அடக்க, மலம் மேலும் இறுக, வெடிப்பு ஆறாமல் போனது.

மருத்துவர் செய்தது பெரிய பரிசோதனை ஒன்றுமில்லை. பத்து நிமிடம் கேட்டார், விரல் விட்டுப் பார்த்தார். கூச்சத்தால் பலர் மறுப்பது இந்தப் பரிசோதனையைத்தான். வெடிப்பு, கட்டி, அடைத்துக்கிடக்கும் மலம் எல்லாம் அதில்தான் தெரியும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்க்கச் சொன்னார். மாதவிடாயில் அதிக ரத்தம் போவதால் ரத்தசோகைக்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். இதே ரத்தசோகை ஓர் ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இருந்திருந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேடாமல் விட்டிருக்க மாட்டார். இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாளாக மாற்றினார்.

உணவு விஷயத்துக்கு வருவோம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். காலை இட்லி, மதியம் வெள்ளைச் சோறும் சாம்பாரும், இரவு தோசை என்றால் அதில் பாதி வருவதே கடினம். தீட்டிய அரிசியில் நார் அவ்வளவு குறைவு. ஒரு வாழைப்பழம் மூன்று கிராம் தரும், அதை மட்டும் நம்புவது போதாது. நடுத்தரக் கொய்யா ஒன்று ஐந்து கிராம் அளவுக்குத் தரும், அரைக் கப் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஆறு கிராம். மாலை டீக்கு வடை பதில் சுண்டலும், கைப்பையில் ஒரு கொய்யாவும், இரவில் தோசை ஒன்றைக் குறைத்துக் கீரைப் பொரியலும் என்று மாற்றினாலே பத்து கிராமுக்கு மேல் கூடும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஏற்றினால் வயிறு உப்பி, ‘நார்ச்சத்து எனக்கு ஒத்துக்காது’ என்று விட்டுவிடத் தோன்றும். மூன்று, நான்கு வாரத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

அதோடு இசப்கோல் உமி ஒரு ஸ்பூன். தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்து, பெருங்குடல் உறிஞ்சிவிடாமல் காக்கும் பொருள் அது. பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும், பின்னாலேயே இன்னொரு டம்ளர். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பலன் தெரிய இரண்டு, மூன்று நாள் ஆகும். தண்ணீரைப் பற்றி ஒன்று: போதுமான அளவு குடிக்கிறவர் இன்னும் இரண்டு லிட்டர் குடித்தால் அது சிறுநீராகத்தான் போகும். இவரைப்போலக் குறைத்துக் குடிக்கிறவருக்கும், நார்ச்சத்தைக் கூட்டுகிறவருக்கும்தான் தண்ணீர் உண்மையில் உதவும்.

முக்கியமான மாற்றம் காலையில். அரை மணி முன்னதாகச் சாப்பிட்டு, சாப்பிட்ட கால் மணியில், உந்துதல் வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்கார்ந்தார். பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை, செல்போன் இல்லாமல். ஆசனவாய்க்கு மேலே ஒரு தசை மலக்குடலை முன்பக்கமாக இழுத்து மடக்கி வைத்திருக்கிறது. குந்தும்போது அந்த மடிப்பு நிமிரும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காருகிறவர்கள் காலுக்கடியில் ஒரு சிறு முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி முன்னால் சாய்ந்தால் அதே பலன். வெடிப்புக்குத் தினமும் வெந்நீரில் உட்கார்ந்ததும், முதல் சில வாரம் லாக்டுலோஸ் குடித்ததும் மலத்தை இளக்கி வலிக்கான பயத்தைப் போக்கின. சூரணம் இல்லாத முதல் வாரத்தில் இரண்டு நாள் மலம் போகவில்லை. அது காலியான குடல் நிறையும் நேரம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. இரண்டு மாதத்தில் மூன்றாம் வகைக்கு வந்துவிட்டது.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. சிலருக்கு முக்கும்போது விரிய வேண்டிய தசை இன்னும் இறுகும். எவ்வளவு கீரை தின்றாலும் வாசலில் அடைத்து நிற்கும், விரலால் எடுக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு மருந்து அல்ல, அந்தத் தசையைத் தளர்த்தக் கற்றுத்தரும் பயிற்சி வேண்டும். இரைப்பைக் குடல் மருத்துவர் இதைச் சோதித்துச் சொல்வார். தைராய்டு குறைவு, நீண்டநாள் சர்க்கரை, பார்க்கின்சன் நோய் ஆகியவையும் குடலை மந்தமாக்கும். பார்க்கின்சனில் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே மலச்சிக்கல் வருவதுண்டு.

பெருங்குடல் புற்றுநோயும் இதே வேடத்தில் வரலாம். 45, 50 வயதுக்குப் பின் இதுவரை இல்லாத மாற்றம் வந்து வாரக்கணக்கில் நீடித்தால், மலத்தோடு ரத்தம் கலந்து வந்தால், எடை தானாகக் குறைந்தால், காரணம் தெரியாத ரத்தசோகை இருந்தால், வீட்டில் யாருக்காவது அந்தப் புற்றுநோய் வந்திருந்தால், நார்ச்சத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டு மாதங்களைக் கழிக்காதீர்கள். ரத்தம் என்றாலே மூலம் என்று மருந்துக் கடையில் களிம்பு வாங்கிக் காலம் கடத்துவதுதான் நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாவது இயல்பு. அது இல்லாமல் தார்போல் கறுத்து, ஒட்டிக்கொண்டு, நாற்றமடித்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு இருக்கலாம்.

படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு வேறு ஒரு ஏமாற்றம் நடக்கும். நாட்கணக்கில் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசியும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து வீட்டார் நிறுத்தும் மாத்திரை கொடுப்பார்கள். மலக்குடலைக் கல்போல் அடைத்த மலத்தைச் சுற்றி வழியும் திரவம் அது. மாத்திரை அடைப்பை மோசமாக்கும். விரல் பரிசோதனை செய்து, அடைப்பை எடுத்தால்தான் கசிவு நிற்கும். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் சேர்ந்துகொண்டால் எந்த வயதானாலும் அது குடலடைப்பாக இருக்கலாம். அப்போது பேதி மருந்தோ விளக்கெண்ணெயோ ஒரு சொட்டுகூடக் கொடுக்காமல், அன்றே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.