ஏழு, எட்டு, ஒன்பதில் தொடங்கிய காசோலைகள்

1992 அக்டோபரில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலக் கருவூல அலுவலக மேலாளர் ஒருவர், இல்லாத ஒரு சப்ளையர் பெயருக்கு 23 காசோலைகள் போட்டார். மொத்தம் 18 லட்சத்து 78 ஆயிரம் டாலருக்கும் மேல். முதலில் 1,927, அடுத்து 27,902 என்று சின்னதாகப் போட்டு ஆழம் பார்த்தார். ஐந்து நாள் கழித்து 86,241, 72,117, 81,321, 97,473. அதற்கும் ஐந்து நாள் கழித்து, ஒரே தேதியில் 17 காசோலைகள். கெட்டிக்கார ஆசாமிதான். எதையும் முழுத்தொகையாகப் போடவில்லை, சென்ட் வரை எழுதியிருந்தார். ஒரு தொகைகூட இரண்டாம் முறை வரவில்லை. எதுவும் ஒரு லட்சம் டாலரைத் தொடவும் இல்லை. அதைத் தாண்டினால் மேலிடம் துருவிப் பார்க்கும் என்று நினைத்திருப்பார்.

அவர் கோட்டைவிட்டது முதல் இலக்கத்தில். 23 தொகைகளில் 21, ஏழிலோ எட்டிலோ ஒன்பதிலோ தொடங்கின. இயல்பான கணக்கில் இந்த மூன்றும் சேர்ந்தே நூற்றுக்குப் பதினைந்து, பதினாறுதான் வரும். அவர் தண்டனை பெற்ற பிறகு, இந்தப் பட்டியலைத் தணிக்கைப் பாடமாக்கிப் பிரபலப்படுத்தியவர் கணக்கியல் பேராசிரியர் மார்க் நிக்ரினி.

ஒன்பது இலக்கங்களும் சமமாகத்தானே வரவேண்டும் என்று தோன்றும். அப்படி வருவதில்லை. மடக்கை அட்டவணைப் புத்தகங்களின் முன்பக்கங்கள் மட்டும் அதிகம் தேய்ந்திருப்பதை 1881-லேயே வானியலாளர் சைமன் நியூகோம் கவனித்து எழுதினார். 1938-இல் பிராங்க் பென்ஃபோர்டு என்ற இயற்பியலாளர் நதிகளின் பரப்பு, மக்கள்தொகை என்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்களைத் திரட்டிக் காட்டியதால் விதி அவர் பெயருக்குப் போய்விட்டது. அதன்படி ஒன்றில் தொடங்குபவை நூற்றுக்கு 30, இரண்டில் 17.6, அப்படியே இறங்கி ஒன்பதில் 4.6.

காரணம் எளிது. ஆயிரம் ரூபாய் பில் இரண்டாயிரம் ஆக, தொகை இரட்டிப்பாக வேண்டும். ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறினால் ஏழு ஆண்டுக்கு மேல் அது ஒன்றிலேயே நிற்கும். ஒன்பதாயிரம் பத்தாயிரமாக ஓராண்டுக்குச் சற்று மேல் போதும்.

நடைமுறையில் முதல் இலக்கம் மட்டும் போதாது, சல்லடை பெரிதாகிவிடும். ஆடிட்டர்கள் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்ப்பார்கள். பில் தொகைகள் A பத்தியில் இருந்தால், பத்து ரூபாய்க்குக் குறைந்தவற்றை நீக்கிவிட்டு, எக்செலில் இதைப் போட்டால் போதும்:

```
=VALUE(LEFT(A2,2))
```

10 முதல் 99 வரை தொண்ணூறு கட்டங்கள் கிடைக்கும். 99-இல் தொடங்குபவை பத்தாயிரம் பில்லுக்கு ஏறத்தாழ 44 வரவேண்டும். ஒரு கம்பெனியில் அது 210 வந்தது என்று வைத்துக்கொள்வோம். உடனே திருட்டு என்று சொல்லிவிட முடியாது. நம் ஊரில் வியாபாரச் செலவாக ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விலக்குகள் தவிர, வருமான வரித்துறை அதைச் செலவாக ஏற்காது. அதனால் 9,900, 9,950 வவுச்சர்கள் குவிவது ஊரறிந்த பழக்கம். ஒரே வேலையை இரண்டாக உடைத்திருந்தால் அது தனிப் பிரச்சினை. மாதாமாதம் 999 ரூபாய் இணையக் கட்டணமும் அதே கட்டத்தில்தான் வந்து விழும்.

ஆகவே அந்த 210-ஐத் தனியே எடுத்து சப்ளையர் வாரியாகப் பிரிக்க வேண்டும். பாதி இணையக் கட்டணம், இன்னொரு பங்கு லாரி வாடகை என்று கழித்துக்கொண்டே வந்தால், நிறுவனத்தின் ஒப்புதல் வரம்பான ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே, 99 ஆயிரத்துச் சொச்சத்தில் ஒரே சப்ளையரின் பதினாலு பில்கள் மிஞ்சலாம். அவற்றின் பில் எண்ணைப் பாருங்கள். மாதங்கள் கடந்தும் 41, 42, 43 என்று வரிசையாக வந்தால், அந்தக் கடைக்கு உங்களைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லை என்று அர்த்தம். பிறகு சரக்கு வந்த ரசீதையும் வாங்கியவர் கையெழுத்தையும் கேட்பது பழைய தணிக்கை வேலைதான்.

எல்லாப் பட்டியலுக்கும் இது பொருந்தாது. சில நூறு பில்களே இருந்தால் மேடுபள்ளம் தானாகவே வரும். நாலைந்து நிலையான விலைகளில் மட்டும் விற்கும் கடைக்கும் விதி சரிப்படாது. தொகைகள் ஐம்பது, ஐந்நூறு, ஐயாயிரம், ஐம்பதாயிரம் என்று பரவலாக இருக்க வேண்டும்.

பில்லே போடாமல் விற்றதை இது காட்டாது. பத்தாயிரம் பில்களுக்கு நடுவே, மாதம் ஒருமுறை 11,340 ரூபாய் என்று பொய் பில் வைப்பவரும் தப்பிவிடுவார். 11-இல் தொடங்குபவை எப்படியும் முந்நூற்று எழுபதுக்கு மேல் இருக்கும். ஆண்டுக்குப் பன்னிரண்டு கூடினால் யார் கண்ணிலும் படாது.