தளர்நடைப் பருவமும் கொதிநீரும்

குழந்தை சுவரைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய நாள் முதலாக, அதுவரை அபாயமின்றி இருந்த வீட்டின் அமைப்பே மாறிவிடுகிறது. நாற்காலியின் அருகே முக்காலியில் வைத்த தேநீரும், குளியலறையில் ஆவி பறக்க நிற்கும் வாளியும், சமையலறைத் தரையில் இறக்கி வைத்த பாத்திரமும் அதன் கைக்கு எட்டும் பொருள்களாகின்றன. நேற்று எட்டாத விளிம்பு இன்று எட்டுவது இந்தப் பருவத்தின் சுபாவம். எட்டினால் இழுத்துப் பார்ப்பதும் அதன் சுபாவமே. “ஒரு நிமிஷந்தான் திரும்பினேன்” என்று தாய்மார் மருத்துவமனையில் அழுதுகொண்டு சொல்வது முற்றிலும் உண்மை. ஆனால் கொதித்த நீருக்கு ஒரு நிமிஷமும் தேவையில்லை என்பதுதான் இவ்விஷயத்தின் சாரம்.

தோல் வெந்துபோவது உஷ்ணத்தின் அளவை மட்டும் பொறுத்ததன்று. அந்த உஷ்ணம் எவ்வளவு நேரம் தோலோடு தங்குகிறது என்பதையும் பொறுத்தது. அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இவ்வுறவைத் தெளிவாக அளந்து காட்டின. பெரியவர்களின் தோல் 49 டிகிரி செல்சியஸ் நீரைச் சில நிமிஷங்கள் தாங்கும். 60 டிகிரியில் ஏறத்தாழ ஐந்து விநாடிகளில் ஆழமாக வெந்துவிடும். 70 டிகிரிக்கு மேல் ஒரு விநாடியே போதும். குழந்தையின் சருமம் இதைவிட மெல்லியது. ஆகவே இந்தக் கால அளவுகள் அதற்கு இன்னும் குறுகிவிடுகின்றன. போதாக்குறைக்கு, சுடுகிற பொருளிலிருந்து சட்டென விலகிக்கொள்ளும் சாமர்த்தியம் அதற்கு இன்னும் வாய்க்கவில்லை.

இப்போது அந்த முக்காலிக்கு வருவோம். வடிகட்டி ஊற்றிய பால் தேநீர் 80 டிகிரிக்கு அருகில் இருக்கும். தகப்பனார் பத்திரிகை படித்தபடி ஆறவைக்கும் சில நிமிஷங்களில் அது அவருடைய வாய்க்கு இதமாகலாமே தவிர, குழந்தையின் தோலுக்கு ஆறிய தேநீர் ஆகாது. குழந்தை நிமிர்ந்து கைநீட்டி டம்ளரை இழுக்கிறது. தேநீர் முகவாயில் விழுந்து, கழுத்து வழியாக மார்பிலும் ஒரு தோளிலும் வழிகிறது. பனியனோ சட்டையோ அதை உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டி நின்று, வழிந்தோடியிருக்க வேண்டிய சூட்டை அங்கேயே பிடித்து வைக்கிறது. குழந்தையின் சொந்த உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அதன் தேகப்பரப்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. ஒரு டம்ளர் தேநீர் அவ்வாறு ஐந்தாறு உள்ளங்கைப் பரப்பை வேகவைக்கக் கூடும். பத்தை எட்டினால் நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டிய நிலைமை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சூடாக எதையும் அருந்தக் கூடாது என்பதும், டம்ளரை விளிம்பில் வைக்காமல் மேடையின் உட்பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும் என்பதும், தொங்கும் மேசைவிரிப்பு தளர்நடைக் குழந்தை உள்ள வீட்டில் கூடாது என்பதும் இதனால்தான்.

வாளியின் விபத்து பெரும்பாலும் நீரைக் கலக்கும் முறையில் பிறக்கிறது. முதலில் கொதிநீரை வாளியில் ஊற்றிவிட்டு, பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்பும் அந்த இடைவெளியில் குழந்தை வாளியின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கிறது. அதன் உடலுக்குத் தலை கனமானது. உள்ளே சாய்ந்தால் திரும்பி எழ இயலாது. வரிசையை மாற்றினாலே இந்த அபாயம் நீங்கும்: எப்போதும் முதலில் குளிர்ந்த நீர், பிறகு அதில் சுடுநீர். அளவையும் அறிந்துகொள்வது நல்லது. குழாய் நீர் 28 டிகிரியில் இருப்பதாகக் கொண்டால், 14 லிட்டரில் 2 லிட்டர் கொதிநீரைச் சேர்க்க உடற்சூட்டுக்குச் சமமான 37 டிகிரி கிடைக்கும். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் 64 டிகிரி. அந்த நீரில் ஸ்நானம் செய்விப்பது குழந்தையை வேகவைப்பதற்கு ஒப்பாகும். வாளிக்குள் விடும் மின்சூடேற்றிக் கம்பியை உபயோகிப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: கம்பியைச் சுற்றியும் அதற்கு மேலும் உள்ள நீர் வெகுவாகச் சூடேறியிருக்க, அடிநீர் குளிர்ந்தே கிடக்கும், ஆகவே மின்சாரத்தை நிறுத்திக் கம்பியை எடுத்த பின், அடிவரை கலக்கி, பாத்திரம் தேய்த்துச் சூடு பழகிய விரல்களால் அல்லாமல் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கம்பி நீரில் இருக்கும்வரை குளியலறைக் கதவு தாழிட்டிருப்பது அவசியம்.

நீராவி கொதிநீரைவிடக் கொடியது. ஒரு கிராம் கொதிநீர் உடற்சூட்டுக்குத் தணியும்போது 63 கலோரி உஷ்ணத்தைத் தோலுக்குக் கொடுக்கிறதென்றால், ஒரு கிராம் ஆவி நீராக மாறும் க்ஷணத்திலேயே 540 கலோரியைக் கொட்டிவிடுகிறது. சளிக்கென்று சட்டியை முன்னே வைத்துப் போர்வை மூடிக் குழந்தைக்கு ஆவி பிடிப்பதில், ஆவியைக் காட்டிலும் அந்தச் சட்டி கவிழ்வதே பெரிய அபாயம்; சிறு குழந்தையின் சளிக்கு இதனால் குணம் உண்டென்று உறுதியான ஆதாரமும் இல்லை. இந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் துணிந்த அபிப்பிராயம்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் விபத்து நேர்ந்தால், முதற்சிகிச்சையும் உஷ்ணம், நேரம் என்ற அதே நியதியையே பின்பற்றுகிறது. கொட்டிய நீரை அகற்றிய பின்னும் தோலினுள் புகுந்த உஷ்ணம் ஆழத்தை நோக்கி வேலை செய்துகொண்டே இருக்கும். அதை நிறுத்துவதே நம் கடமை. நனைந்த துணியை, அணையாடை உட்பட, உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டிப்போயிருந்தால் அவ்விடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வீக்கம் வருமுன் வளையலையும் கொலுசையும் அரைஞாணையும் எடுத்துவிடுங்கள். பிறகு வெந்த இடத்தின்மேல் குழாயின் குளிர்ந்த நீரைக் கடிகாரம் பார்த்து 20 நிமிஷம் ஓடவிடுங்கள். குழந்தை அலறும், இரண்டு நிமிஷத்தில் போதும் என்று தோன்றும், போதாது. குழாய் இல்லாவிடில் செம்பால் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். காலம் தாழ்ந்து தெரியவந்தாலும், மூன்று மணி நேரத்துக்குள் இதைச் செய்தால் பிரயோஜனம் உண்டு. காயத்துக்கு வெளியே உள்ள உடலைப் போர்த்தி வெதுவெதுப்பாக வைத்திருங்கள். குழந்தை நடுங்கினாலோ சோர்ந்தாலோ நீரை நிறுத்திவிட வேண்டும்.

பனிக்கட்டி கூடாது; அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண்ணை ஆழமாக்கும். பற்பசை, பேனா மை, தோசை மாவு, மஞ்சள், எண்ணெய் ஆகியவற்றை அன்பினால்தான் பூசுகிறார்கள். எனினும் அவை உள்ளிருக்கும் சூட்டைத் தணிப்பதில்லை, அழுக்கைச் சேர்க்கின்றன, புண்ணின் ஆழத்தை மருத்துவர் கண்ணுக்கு மறைக்கின்றன. கொப்புளத்தை உடைக்காமல், துவைத்துலர்ந்த பருத்தித் துணியைத் தளர்வாக மேலே போர்த்தினால் போதும்.

புண் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாயினும், முகம், கை, கால், மறைவிடம், மூட்டு ஆகியவற்றில் இருப்பினும், கொப்புளம் எழும்பினும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வெந்த இடம் வெளுத்து, தொட்டால் அழாமல் குழந்தை அமைதியாக இருந்தால் ஆறுதல் கொள்ளாதீர்கள். வலியுணரும் நரம்புகளே வெந்துபோன ஆழ்ந்த புண்ணின் அடையாளம் அது. கெண்டியின் மூக்கிலிருந்து சுடுநீரை உறிஞ்சிய குழந்தைக்கும், ஆவியை விழுங்கிய குழந்தைக்கும் தொண்டை சில மணி நேரம் கழித்து வீங்கக்கூடும்; குரல் கம்முவதும் வாயிலிருந்து எச்சில் வழிவதும் அதன் முன்னறிகுறிகள். அப்போது ஒரு கணமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். மற்றக் காயங்களில், வண்டி தேடி ஓடுவதற்கு முன்பாக, அந்த 20 நிமிஷ நீரை வீட்டிலேயே ஊற்றி முடித்துவிட்டுப் புறப்படுங்கள்.