நமத்த அப்பளம் பொரியுமா?

காய்ந்த எண்ணெயில் போட்ட அப்பளம் பொரிந்து எழ இரண்டு மூன்று நொடி போதும். ரீல்ஸ் பார்க்கிறவர் ஒரு வீடியோவில் நிற்பதா, கட்டைவிரலால் தள்ளிவிடுவதா என்று முடிவெடுக்கவும் அவ்வளவு நேரம்தான். வீட்டில் உளுந்து அப்பளம் போட்டு விற்கும் ஒரு பெண்மணி வீடியோ எடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் முயற்சி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். "எல்லாருக்கும் வணக்கம், நாங்க பத்து வருஷமா அப்பளம் போடுறோம்" என்று தொடங்கி, மாவு பிசைவது, இடிப்பது, தேய்ப்பது, காயவைப்பது என வரிசையாகப் போய், ஐம்பதாவது நொடியில் அப்பளம் எண்ணெயில் விழும். பார்க்க வேண்டிய ஒரே காட்சி வருவதற்குள் பெரும்பாலானவர்கள் போயிருப்பார்கள். ஷார்ட்ஸும் ரீல்ஸும் நம்மைத் தெரியாதவர்களிடமும் வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டுகின்றன. முன்பின் தெரியாதவருக்கு நம் வணக்கத்தைக் கேட்கப் பொறுமை இருக்காது.

அதனால் கடைசியில் இருந்ததை முன்னால் கொண்டுவர வேண்டும். அதிலும் வெறுமனே பொரியும் அப்பளம் பத்தாது; அதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நன்றாகக் காய்ந்த ஒன்றையும் ஈரக்காற்றில் நமத்த ஒன்றையும் ஒரே வாணலியில் அடுத்தடுத்துப் போடலாம். ஒன்று விரிந்து எழுகிறது, மற்றது எண்ணெய் குடித்துத் தொய்ந்து கிடக்கிறது. திரையில் நான்கே சொல்: "ஏன் இது மட்டும் பொரியலை?" இப்போது பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வி விழுந்துவிட்டது, பதிலுக்காக நிற்பார். நிறைய பேர் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதால் கேள்வி எழுத்திலும் இருக்க வேண்டும். திரையின் அடியிலும் வலது ஓரத்திலும் செயலியின் பட்டன்கள் மறைக்கும். எழுத்தை நடுவுக்குச் சற்று மேலே வைப்பது நல்லது.

நீளத்துக்கு வருவோம். யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரை அனுமதிக்கிறது. இடம் இருக்கிறதே என்று நிரப்பத் தேவையில்லை. கேள்வி கேட்டு, பதில் சொல்லி முடிக்க எவ்வளவு வேண்டுமோ அதுதான் நீளம். நம் அப்பள வீடியோவுக்கு இருபது நொடி போதும்: முதல் மூன்று நொடி இரண்டு அப்பளமும் எண்ணெயில், அடுத்த ஏழு நொடி மொட்டைமாடி வெயிலில் அப்பளம் காய்வதும், சரியாகக் காயாததைக் கையில் வளைத்துக் காட்டுவதும், பிறகு ஆறு நொடி டப்பாவில் காற்றுப் புகாமல் அடைப்பது, கடைசி நான்கு நொடி பாக்கெட், விலை, வாட்ஸ்அப் எண். நிதானமாகப் பேசினால் இதில் நாற்பது தமிழ்ச் சொல் கொள்ளுவதே கஷ்டம். எழுதியதைக் கடிகாரம் பார்த்து வாய்விட்டு ஒருமுறை வாசித்தால், எதை வெட்ட வேண்டும் என்று தானே தெரிந்துவிடும். "நன்றி, வணக்கம்" என்று முடிக்காதீர்கள். முடியப் போகிறது என்று தெரிந்ததும் விரல் நகர்ந்துவிடும், அந்த எண் யார் கண்ணிலும் படாது.

வீடியோ போட்டபின் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை விட்டுவிட்டு, யூடியூப் ஸ்டுடியோவில் எந்த நொடியில் எத்தனை பேர் மிச்சமிருந்தார்கள் என்று காட்டும் கோட்டைப் பாருங்கள். தொடக்கத்திலேயே செங்குத்தாக விழுந்தால் முதல் காட்சி சரியில்லை. முதலில் தாக்குப்பிடித்துவிட்டுப் பத்தாவது நொடியில் சரிந்தால், டப்பா அடைக்கும் காட்சி இழுக்கிறது என்று அர்த்தம். கோடு கடைசிவரை நன்றாக இருந்தும் ஆர்டர் வரவில்லையா? வீடியோவில் குறையில்லை, விலையோ கூரியர் செலவோ உதைக்கிறது.

எத்தனை நாளுக்கொன்று போடுவது? தினமும் போடு என்பார்கள். அப்பளம் போடுகிறவருக்கு அது நடக்காது. ஒரு வெயில் நாளில் உட்கார்ந்து ஆறு வீடியோ எடுத்து, வாரம் இரண்டு என்று வெளியிட்டால் மூன்று வாரம் ஓடும். ஒரே நாளில் ஆறையும் கொட்டினால், எது ஏன் ஓடியது என்று பார்த்து அடுத்ததைத் திருத்த வழியில்லை. இரண்டு நாளில் ஓடவில்லையென்று அழிக்கவும் வேண்டாம். சில வீடியோ வாரம் கழித்தும் மெல்ல எழும்.

இதில் இன்னொரு சிக்கல். ஒரு வீடியோ திடீரென்று ஓடி முந்நூறு பாக்கெட் ஆர்டர் வந்து, கையில் ஐம்பதுதான் இருந்தால்? அப்பளத்தை அவசரப்படுத்த முடியாது, வெயில்தான் காயவைத்துத் தர வேண்டும். கார்த்திகை மழையில் அரைகுறையாகக் காய்ந்ததை அனுப்பினால், அது வாங்கினவர் வாணலியில் பொரியாது. அவரிடமும் கேமரா இருக்கிறது. ஆகவே வெயில் காலத்தில் சரக்கைச் சேர்த்து, மழை தொடங்கியதும் வீடியோவை வாரம் ஒன்றாகக் குறைத்து, இருப்பு தீர்ந்தால் அந்தக் கடைசி நான்கு நொடியில் "அடுத்த சரக்கு தை மாசம்" என்று எழுதிவிடலாம்.