பூ இலையாகும் நோய்

மகர சங்கராந்தி நாளில் உங்கள் அண்டை வீட்டார் தில் லட்டு கொடுப்பதை நீங்கள் பெற்றிருக்கலாம். நம் வீடுகளில் எள்ளுருண்டை செய்வதையும் கண்டிருப்பீர்கள். இந்தியில் ‘தில்’ என்றும் தமிழில் ‘எள்’ என்றும் வழங்குவது ஒரே விதைதான். எள்ளிலிருந்து எடுத்த நெய்யே ‘எள் + நெய் = எண்ணெய்’ எனப்பட்டது. பின்னர் அப்பெயர் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுவாயிற்று. இத்துணைப் பழைமையான பயிருக்கு வரும் ஒரு விந்தையான நோயைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் மழைக்காலப் பயிராக எள் விளைகிறது. செப்டம்பர் மாத இறுதியில் அங்குள்ள ஒரு வயலைக் காண்பதாகக் கொள்வோம். காய்கள் முற்றிவிட்டதால் செடிகள் மஞ்சளித்து இலைகளை உதிர்த்து நிற்கின்றன. அவற்றின் நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில செடிகள் மட்டும் கரும்பச்சை நிறத்தில் அடர்ந்து செழித்துள்ளன. பார்ப்பவர் அவற்றையே வயலின் சிறந்த செடிகள் என எண்ணுவர். அருகில் சென்று நோக்கினால் அவற்றில் ஒரு காய்கூட இராது. காய் இருக்கவேண்டிய இடங்களில் சிறுசிறு இலைக்கொத்துகளே காணப்படும். செழிப்பாகத் தோன்றும் அச்செடிகளே நோயுற்றவை.

இந்நோயை ஆங்கிலத்தில் ‘பில்லோடி’ என்பர். ‘பில்லோன்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இலை என்பது பொருள். பூ இலையாக மாறுவதால் இதனைத் தமிழில் பூவிலை நோய் எனலாம்.

பூவில் நிகழும் மாற்றம்

எள்ளின் பூ சிறிய மணி போன்றது; வெண்மையாகவோ இளஞ்சிவப்பு கலந்தோ இருக்கும். பூவின் உறுப்புகள் வெளியிலிருந்து உள்நோக்கி நான்கு வட்டங்களாக அமைந்துள்ளன. வெளிப்புறம் இருப்பது பச்சை நிறப் புல்லிவட்டம். அதற்குள் வண்ண இதழ்களால் ஆன அல்லிவட்டம் உள்ளது. அதனுள் மகரந்தத்தாள்களும் நடுவில் சூலகமும் அமைந்துள்ளன. சூலகமே பின்னர் காயாக வளர்கிறது. ஒரு காய்க்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கலாம்.

நோயுற்ற செடியில் இந்த நான்கு வட்டங்களும் தம் இயல்பை இழக்கின்றன. புல்லி இதழ்கள் பெரிதாகி இலைபோல் ஆகின்றன. அல்லி இதழ்கள் நிறம் இழந்து பச்சையாகின்றன. மகரந்தத்தாள்கள் தட்டையாகி, மகரந்தம் இன்றி இலைவடிவம் கொள்கின்றன. சூலகம் நீண்டு, அதனுள் சூல்கள் இருக்கவேண்டிய இடத்தில் சிற்றிலைகள் தோன்றுகின்றன. சில பூக்களில் சூலகச் சுவரைப் பிளந்துகொண்டு ஒரு புதிய தளிரே வெளிவருவதும் உண்டு. பூவாகத் தொடங்கியது கிளையாக முடிந்துவிடுகிறது. அதனால் காயும் இல்லை, விதையும் இல்லை.

நோய்க்குக் காரணம்

இத்தகைய நோய்களுக்கு வைரசே காரணம் என அறிஞர்கள் நெடுங்காலம் கருதினர். 1967ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் குட்டையாகிப்போன முசுக்கொட்டைச் செடிகளை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். அச்செடிகளின் திசுக்களில் வைரசைவிடப் பெரியனவாய், செல்சுவர் அற்றனவாய்ச் சில உயிரிகள் இருந்தன. நோயுற்ற செடிகளுக்கு டெட்ராசைக்ளின் என்னும் மருந்தைக் கொடுத்தபோது நோயின் அறிகுறிகள் குறைந்தன. அம்மருந்து பாக்டீரியாக்களை ஒடுக்கும், வைரசை ஒடுக்காது. ஆகவே, இந்நுண்ணுயிரி பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது என்பது தெளிவாயிற்று. இன்று இதனைப் பைட்டோபிளாஸ்மா என்று அழைக்கிறோம்.

பைட்டோபிளாஸ்மா மண்ணிலோ நீரிலோ தனித்து வாழாது. இலைகளில் உருவாகும் சர்க்கரைச் சாற்றைச் செடி முழுவதும் கொண்டுசெல்லும் குழாய்கள் உள்ளன அல்லவா? புளோயம் எனப்படும் அக்குழாய்களே இதன் இருப்பிடம். அச்சாற்றோடு சேர்ந்து இது வேர் முதல் நுனி வரை பரவுகிறது.

ஏறிச் செல்லும் ஊர்தி

தானாக நகர இயலாத இந்த நுண்ணுயிரி ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்கு எவ்வாறு செல்கிறது? தத்துப்பூச்சியே அதன் ஊர்தி. எள்ளில் இந்நோயைப் பரப்பும் தத்துப்பூச்சியின் அறிவியற்பெயர் ஒரோசியஸ் அல்பிசின்க்டஸ். ஏறத்தாழ ஓர் எள்ளின் நீளமே உடைய இப்பூச்சி, ஊசிபோன்ற வாயைப் புளோயத்திற்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சும்.

நோயுற்ற செடியின் சாற்றை உண்ணும்போது பைட்டோபிளாஸ்மா பூச்சியின் குடலுக்குள் செல்கிறது. எனினும், அப்பூச்சியால் உடனே நோயைப் பரப்ப முடியாது. நுண்ணுயிரி குடலைக் கடந்து, உடல்நீரில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடையவேண்டும். இதற்கு இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும். அதன்பின் அப்பூச்சி உண்ணும் செடிகளுக்குள் உமிழ்நீரோடு நோயும் செல்லும். தன் வாழ்நாள் முழுவதும் அது நோய்ப் பரப்பியாகவே இருக்கும்.

பூ ஏன் இலையாகிறது?

இலையும் பூவிதழும் வேறுவேறாகத் தோன்றினாலும் அவை தொடக்கத்தில் ஒரே வகையான அரும்புகளே. இக்கருத்தை ஜெர்மானியக் கவிஞரும் அறிஞருமான கதே 1790ஆம் ஆண்டிலேயே எழுதினார். வளரும் நுனியில் தோன்றும் ஓர் அரும்பு, இதழாகவேண்டுமா, மகரந்தத்தாளாகவேண்டுமா, சூலகமாகவேண்டுமா என்பதைச் சில புரதங்கள் முடிவு செய்கின்றன. கட்டடப் பணியில் ‘இங்கே கதவு, அங்கே சாளரம்’ என்று ஆணையிடும் மேற்பார்வையாளரைப் போன்றவை அவை. ஆணை இல்லையெனில் அரும்பு இலையாகவே வளரும்.

பைட்டோபிளாஸ்மா ஒரு சிறு புரதத்தைச் சுரக்கிறது. அறிஞர்கள் அதற்கு ‘சாப்54’ எனப் பெயரிட்டுள்ளனர். ஒவ்வொரு செல்லிலும் தேவையற்ற புரதங்களைச் சிதைக்கும் ஓர் அமைப்பு உண்டு. சாப்54, பூவை உருவாக்கும் மேற்பார்வைப் புரதங்களைப் பிடித்து அந்தச் சிதைப்பு அமைப்பிடம் சேர்த்துவிடுகிறது. செடி தன் புரதங்களைத் தானே அழித்துக்கொள்கிறது.

இதனை அரபிடாப்சிஸ் என்னும் சிறுசெடியில் ஆய்ந்து கண்டனர். பைட்டோபிளாஸ்மா இல்லாத நலமான செடியில் சாப்54ஐ உருவாக்கும் மரபணுவை மட்டும் சேர்த்தபோதும் அதன் பூக்கள் இலைகளாயின. அத்தகைய செடிகளைத் தத்துப்பூச்சிகள் மிகுதியாக நாடி முட்டையிட்டன என்பதையும் கண்டனர். நுண்ணுயிரி தன் ஊர்தியைத் தானே வரவழைத்துக்கொள்கிறது.

ஒரு செடியின் நாட்குறிப்பு

நாம் முன்பு கண்ட வயலில் சூலை 1ஆம் நாள் எள் விதைத்ததாகக் கொள்வோம். வரப்பில் உள்ள ஒரு நோயுற்ற களைச்செடியில் சூன் மாத நடுவில் ஒரு தத்துப்பூச்சி சாறுண்டது. சூலை 15ஆம் நாள் அது இரண்டு வார வயதுடைய எள் நாற்றில் அமர்ந்து உண்கிறது. நாற்றில் அப்போது எந்த மாற்றமும் தெரியாது. ஆகஸ்டு 10ஆம் நாளையொட்டிப் பயிர் பூக்கிறது. அச்செடியில் மட்டும் பச்சைப் பூக்கள் தோன்றுகின்றன. உழவர் நோயைக் காணும் முதல் நாள் அதுவே. ஆனால், நோய் புகுந்து நான்கு வாரங்கள் ஆகிவிட்டன. இனி எந்த மருந்தும் அச்செடியைக் காக்காது. டெட்ராசைக்ளினும் நோயை ஒடுக்கிவைக்குமேயன்றி முற்றும் நீக்காது. நிறுத்தினால் நோய் மீளும்.

அச்செடியை உழவர் விட்டுவைத்தால் என்ன ஆகும்? அதில் உண்ட வேறு பூச்சிகள் செப்டம்பர் முதல் வாரத்தில் அண்டைச் செடிகளுக்கு நோயைக் கொண்டுசெல்லும். எள் கீழிருந்து மேல்நோக்கிப் பூப்பதால் அச்செடிகளின் அடிப்பகுதியில் ஏற்கெனவே நல்ல காய்கள் இருக்கும். நுனியில் மட்டும் இலைக்கொத்து தோன்றும். எனவே, ஒரு செடியைப் பார்த்தே நோய் எப்போது வந்தது என்று கணிக்கலாம். காயே இல்லையெனில் நோய் இளமையில் வந்தது. அடியில் காய் இருந்தால் பிற்பகுதியில் வந்தது.

இந்நோயை எள்ளுக்கு வரும் இலைச்சுருட்டு நோயோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அதில் இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டு நரம்புகள் தடிக்கும். பூவின் உறுப்புகள் இலைகளாக மாறுவதில்லை.

உழவர் செய்வது என்ன?

முதற்பச்சைப் பூவைக் கண்டவுடன் அச்செடியை வேரோடு பிடுங்கி அழிப்பதே முதற்கடமை. இருநூறு செடிகளில் ஒன்றை இழந்தால் இழப்பு சிறிது. அதனை விட்டுவைத்தால் இழப்பு பெருகும். வரப்பிலுள்ள களைகளையும் நீக்கவேண்டும். தமிழ்நாட்டில் எள்ளின் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரையை ஊடுபயிராக விதைக்கும் முறையும் பரிந்துரைக்கப்படுகிறது. பூச்சிமருந்து தத்துப்பூச்சியைக் குறைக்கும். ஆனால் செடிக்குள் புகுந்துவிட்ட நுண்ணுயிரியை அது தொடாது.

இந்நோயைக் காண எள் வயலுக்குத்தான் செல்லவேண்டும் என்பதில்லை. நகரப் பூங்காக்களில் ‘சதாபஹார்’ என வழங்கும் நித்தியகல்யாணிச் செடியிலும் பைட்டோபிளாஸ்மாவால் பூக்கள் பச்சையாகும். கத்தரிச் செடியில் இலைகள் மிகச் சிறுத்துக் கொத்தாகிக் காய்க்காமல் போவது சிற்றிலை நோய். அதனைப் பரப்புவதும் ஒரு தத்துப்பூச்சியே. வெளுத்த செடியைக் கண்டு வருந்தும் நாம், அளவுக்கு மீறிப் பசுமையாய் நிற்கும் செடியையும் ஒருமுறை அருகில் சென்று பார்க்கவேண்டும்.

சொற்பொருள்

விந்தை – வியப்பு
ஊர்தி – வாகனம்
அரும்பு – முளைக்கும் இளம் மொட்டு
வரப்பு – வயலின் எல்லைமேடு
ஊடுபயிர் – முதன்மைப் பயிரின் இடையே வளர்க்கும் பயிர்

பயிற்சி

1. நோயுற்ற எள்செடி அறுவடைக் காலத்தில் மற்றச் செடிகளைவிடப் பசுமையாக இருப்பது ஏன்?
2. நோயுற்ற செடியில் உண்ட தத்துப்பூச்சியால் உடனே நோயைப் பரப்ப முடியாதது ஏன்?
3. ஒரு செடியின் அடியில் காய்களும் நுனியில் இலைக்கொத்தும் உள்ளன. இதிலிருந்து நீங்கள் அறிவது யாது?
4. உங்கள் வீட்டருகே உள்ள நித்தியகல்யாணிப் பூ ஒன்றை உற்றுநோக்கி, அதன் உறுப்புகளை வரைந்து பெயர் எழுதுக.