ஸ்கிரீன்ஷாட்டிலும் தப்பிப் பிழைக்கும் வேலை விளம்பரம்

இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவுக்குள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படவரிசைக்கு கேரோசல் என்று பெயர். 2017இல் வந்தபோது ஒரு பதிவில் 10 படங்கள் போடலாம். 2024இல் அது 20 ஆனது. விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்க முடியாத சின்ன ஸ்டார்ட்அப்கள் இதிலும் ஆள் தேடுகின்றன. வேலை என்ன, என்ன தெரிந்திருக்க வேண்டும், எப்படி விண்ணப்பிப்பது என்று ஐந்தாறு படங்களில் சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த ஐந்தாறு படங்களும் ஒன்றாகவே பயணம் செய்வதில்லை. அண்ணன் ஒருவர் இரண்டாவது படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது கல்லூரி நண்பர்கள் குழுவுக்குப் போகிறது. அங்கே பார்ப்பவருக்கு நிறுவனத்தின் பெயரும் தெரியாது, கடைசித் தேதியும் தெரியாது. அதனால் ஒவ்வொரு படத்தின் அடியிலும் நிறுவனத்தின் பெயர், வேலையின் பெயர், ஊர், கடைசித் தேதி ஆகிய நான்கும் ஒரே வரியில் இருந்தாக வேண்டும்.

கோவையில் ஆறு பேர் நடத்தும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து விற்கிறார்கள். கடைக்காரர்கள் போன் செய்தால் பேசிச் சரிசெய்ய ஒருவர் தேவை. முதல் படத்தில் ‘எங்கள் குடும்பத்தில் இணையுங்கள்’ என்று எழுதினால், தள்ளிப் பார்க்க யாருக்கும் காரணம் கிடைக்காது. ‘பில்லிங் மென்பொருள் சப்போர்ட், ஒருவர் தேவை, கோவை, மாதம் கையில் ரூ. 26,400’ என்று போட்டால், தனக்கான வேலையா இல்லையா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இந்தச் சம்பள வரியில்தான் பல நிறுவனங்கள் நழுவுகின்றன. ‘தகுதிக்கேற்ப’ என்று எழுதிவிடுகிறார்கள். இல்லையென்றால் ஆண்டுக்கு 3.6 லட்சம் சிடிசி என்கிறார்கள். அதைப் படிப்பவர் மாதம் 30,000 கைக்கு வரும் என்று கணக்குப் போடுவார். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், அதில் 12 சதவீதமான 1,800 ரூபாய் ஊழியரின் பங்காக பி.எஃப்.புக்குப் போகும். நிறுவனத்தின் பங்கு இன்னொரு 1,800. அதையும் சிடிசிக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள். மிஞ்சுவது 26,400. தொழில் வரி தனி. 20 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு பி.எஃப். பொதுவாகக் கட்டாயமில்லை என்பதால், அது உண்டா இல்லையா என்பதையும் படத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதல், நான்கு பேர் வேலை செய்யும் நிறுவனம்கூட விளம்பரத்தில் சம்பள வரம்பைக் குறிப்பிட்டாக வேண்டும் என்பது சட்டம். இங்கே அப்படிச் சட்டம் இல்லை. சொல்வதற்குத் தடையும் இல்லை.

அடுத்தது திறன்கள். ‘தகவல் தொடர்புத் திறன், குழு மனப்பான்மை, கணினி அறிவு’ என்று எழுதினால் ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும், யாருக்கும் எதுவும் புரியாது. வேலை நேரத்தில் நடப்பதையே எழுதலாம்: ‘“பில் பிரிண்ட் ஆகலை” என்று கடைக்காரர் கோபமாகப் பேசும்போது, பொறுமையாகக் கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். தமிழில் சரளமாகப் பேச வேண்டும். ஆங்கிலம் படித்துப் புரிந்தால் போதும்.’ எக்ஸல், ஜிஎஸ்டி கணக்கு போன்றவற்றை ‘நாங்களே சொல்லித்தருவோம்’ என்ற தலைப்பில் தனியே பிரித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடுக்கினால், அதில் ஒன்று தெரியாத நல்ல ஆள் ஒதுங்கிப் போய்விடுவார்.

எழுத்தின் அளவும் முக்கியம். பொதுவாக 1080 பிக்ஸல் அகலத்தில் வடிவமைப்பார்கள். கணினித் திரையில் பளிச்சென்று தெரியும் 24 பிக்ஸல் எழுத்து, கைபேசியில் எறும்புபோல் ஆகிவிடும். 40க்குக் குறையாமல் இருப்பது நல்லது. தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால், வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும்.

விண்ணப்பிக்கும் முறையைச் சொல்லும் கடைசிப் படத்தில் நீளமான இணைய முகவரியைப் போட்டுப் பயனில்லை. படத்தில் இருப்பதை அழுத்த முடியாது. இன்ஸ்டாகிராம் பதிவின் கீழே எழுதும் இணைப்பும் திறக்காது. நிறுவனத்தின் சொந்தப் பெயரில் முடியும் சின்ன மின்னஞ்சல் முகவரி, தலைப்பில் எழுத வேண்டிய வார்த்தைகள், பதில் எத்தனை நாளில் வரும் என்ற உறுதி, இவை போதும். ‘எந்தக் கட்டத்திலும் பணம் கேட்க மாட்டோம்’ என்ற வரியும் அங்கே இருக்க வேண்டும். இதே படங்களை எடுத்து, தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றி, பதிவுக் கட்டணம் கேட்டு ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆள் கிடைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வெளியிட்ட பதிவில் படத்தை மாற்றிப் போட இன்ஸ்டாகிராம் விடாது; கீழே உள்ள எழுத்தைத் திருத்தலாம். அதன் முதல் வரியில் ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று எழுதிவிட்டால், பதிவைத் தேடி வருபவர்கள் வீணாகக் காத்திருக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளை அந்தத் திருத்தம் எட்டாது. அவற்றில் அச்சான கடைசித் தேதிதான் அங்கே பதில் சொல்லும்.